அனுபவப் பகிர்வு: எலக்ட்ரிக் பிரஷ் வாங்கியும் பழுப்பு போகவில்லை என்று வந்தவர்கள்

கடவாய்ப்பல் (தருமபுரி)

போன வாரம் பார்த்த ஒருவர் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழை. பென்னாகரம் பக்கம், 34 வயது. பல் முழுக்க நம் ஊர்ப் பழுப்பு. 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு அதிகமான போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கையில் வட்டத் தலை வைத்த எலக்ட்ரிக் பிரஷ். "அஞ்சு மாசமா தேய்க்கிறேன் மேடம், கறை துளிகூட போகல. மிஷின்ல ஏதாவது கோளாறான்னு பாருங்க" என்றார்.

மிஷினில் கோளாறு இல்லை. வீட்டில் தேய்ப்பது போலவே வாஷ்பேசினில் தேய்த்துக் காட்டச் சொன்னேன். ஆன் செய்து வாயில் வைத்ததும் சத்தம் நன்றாக இருந்தது. அடுத்த நொடியே சத்தம் கம்மிப் போனது. அவ்வளவு அழுத்தம். அதோடு சாதா பிரஷைப் போல முன்னும் பின்னும் இழுக்கிறார். தலை தானாகச் சுழல இடமே கொடுக்கவில்லை. முன்பற்களுக்கு மட்டும் ஒரு நிமிஷம் போனது, ஏனென்றால் கறை தெரிவது அங்கேதான்.

பிறகு உதட்டில் வாசலின் தடவி, அழுக்கு இருக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் சாய மாத்திரையை அரை நிமிஷம் மெல்லச் சொல்லி, ஒரே ஒரு தடவை கொப்பளிக்கவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். முன்பற்களின் வெளிப்பக்கத்தில் சிவப்பே ஏறவில்லை. பழுப்பு மட்டும் அப்படியே இருந்தது, அதாவது அங்கே அழுக்கு இல்லை. கீழ் இடது கடவாய்ப்பற்களின் உள்பக்கம், நாக்கு உரசும் பக்கம், ஈறை ஒட்டி 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ரிப்பன் கட்டியது போலச் சிவப்பு. ஒவ்வொரு பல் இடுக்கிலும் ஒரு சின்ன முக்கோணம். கடைசிப் பல்லின் பின்சுவர் முழுக்கச் சிவப்பு. அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. "இத்தனை நாளா இங்க தேய்க்கவே இல்லையா நான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழுப்பு என்பது பல் உருவாகும் காலத்திலேயே எனாமலுக்குள் ஏற்பட்ட குறை. அந்த நுண்துளைகளுக்குள் நிறம் இறங்கிவிடுகிறது. எந்த நாரும் அங்கே போகாது. பிளாக் என்பது தினமும் பல்லின் மேல் படியும் மெத்தென்ற படலம், நகத்தால் சுரண்டினாலே வரும். ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றை விட்டுவிடுகிறோம்.

சாயம் போடுகிற பல் மருத்துவ நண்பர்களுக்கு ஒன்று. நம் ஊர்ப் பல்லில் சாயம் ஏமாற்றும். குழி விழுந்த எனாமலில் பிளாக் இல்லாவிட்டாலும் இளஞ்சிவப்பு தங்கிவிடும். புரோபின் பக்கவாட்டால் ஒரு தடவை வழித்துப் பாருங்கள். மாவு மாதிரி சேர்ந்து வந்தால் பிளாக். ஒன்றும் வராமல் நிறம் அப்படியே நின்றால் அது வெறும் குழி, நோயாளியைக் குறை சொல்லாதீர்கள்.

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

எங்க கவுண்டர்ல இதே கதைதான் மேடம். பழுப்புப் பல்லோட வர்றவங்க பத்துல எட்டுப் பேர் "ஹார்டு பிரஷ் குடுங்க" ன்னுதான் கேக்கறாங்க. சாஃப்ட் எடுத்துக் குடுத்தா "இது குழந்தைக்குப் போடறதாச்சே"ன்னு திருப்பி வைக்கிறாங்க. போன மாசம் ஒரு பெரியவர் எலக்ட்ரிக்குக்கே ஹார்டு தலை வேணும்னு நின்னார். அப்படி ஒண்ணு என்கிட்ட வர்றதே இல்லன்னு சொன்னதுக்கு, "அப்போ எதுக்கு அத்தனை விலை"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியல.

நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான். தலையில நீல நார் இருக்கு இல்லையா, அது வெளுத்தா மாத்திடுங்க. வெளுக்கலன்னா ஆறு மாசம்கூட ஓட்டலாம். ரெண்டு வகையும் விக்கிறவன்ங்கற முறையில சொல்றேன், எலக்ட்ரிக்தான் எப்பவும் நல்லது, அதுல சந்தேகமே இல்ல.

எண்ணும்_எழுத்தும் (ஓசூர்)

"எப்பவும் நல்லது, சந்தேகமே இல்ல" என்ற இடத்தில் மட்டும் நிறுத்துகிறேன் அண்ணா, கோபிக்க வேண்டாம். ஓசூரில் ஒரு கடையில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே "100% வரை அதிக அழுக்கை நீக்கும்" என்ற பொருளில் பெரிய எழுத்து. அந்தப் பெண் விற்பனையாளரிடம் கேட்டது: "அப்படின்னா சாதா பிரஷ் பாதிதான் எடுக்குதா?" அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டல்தான் தவறு.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு, அதுவரை வந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. 56 சோதனைகள், 5,000-க்குக் கொஞ்சம் கூடுதலான ஆட்கள். ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் அளந்தால் எலக்ட்ரிக் போட்டவர்களுக்குப் பிளாக் 11% குறைவு. மூன்று மாதத்துக்கு மேல் அளந்தால் 21% குறைவு. ஈறு வீக்கம் 6%, பிறகு 11% குறைவு. எலக்ட்ரிக் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும்.

21% என்றால் என்ன? பிளாக்கை 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு அளப்பார்கள். ஈறோரம் மெல்லிய தொடர்கோடு இருந்தால் 2. கோடு 1 மில்லிமீட்டரைத் தாண்டி, பல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே நின்றால் 3. கை பிரஷ்காரருக்குச் சராசரி 2 வந்தால் எலக்ட்ரிக்காரருக்கு 1.6 வரும். கோடு அங்கங்கே அறுந்திருக்கும், அவ்வளவுதான். பாதிக்குப் பாதி இல்லை. அந்தத் தொகுப்பை எழுதியவர்களே, இந்த வித்தியாசம் நீண்ட காலத்தில் பல்லுக்கு என்ன செய்யும் என்பது தெளிவாகவில்லை என்றுதான் முடித்தார்கள். சோதனைகளில் பெரும்பாலானவற்றில் பாரபட்சம் உண்டா இல்லையா என்றே தீர்மானிக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை தேய்த்தால் எவ்வளவு போகிறது என்று ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. கை பிரஷ் சராசரி 42%. பிறகு எலக்ட்ரிக்குக்குச் செய்த கணக்கில் 46%. இரண்டுமே பாதியைத் தாண்டவில்லை. கடவாய்ப்பல் மேடம் கண்ணாடியில் காட்டிய அந்தச் சிவப்பு ரிப்பன் இந்த மீதிப் பாதிதான். கருவியை மாற்றுவதால் வரும் லாபத்தைவிட, விட்டுப்போன இடத்தில் பிரஷ் போவதால் வரும் லாபம் பெரிது என்பது என் வாசிப்பு.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பொமரேனியா பகுதி மக்களை 11 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வந்தது. எலக்ட்ரிக் போட்டவர்களுக்கு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள ஈறுப் பை ஆழமாவது சுமார் 22% குறைவு, வாயில் மிஞ்சிய பற்களும் கூடுதல். இது வலுவான தகவல்தான். ஆனால் யாருக்கு எந்தப் பிரஷ் என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்த சோதனை இல்லை, அவரவர் தேர்ந்தெடுத்தது. எலக்ட்ரிக் வாங்குகிறவர் வேறு விஷயங்களிலும் பல்லைக் கவனிப்பவராக இருக்கலாம். கணக்கில் சரிசெய்திருக்கிறார்கள், முழுதாகச் சரிசெய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.

ராயக்கோட்டை_தக்காளி

நீங்க எல்லாரும் வட்டத் தலையைப் பத்தியே பேசறீங்க. சோனிக் போட்டா இந்தப் பிரச்சினையே இல்லைங்க. நிமிஷத்துக்கு 31,000 அதிர்வு. அதுல வர்ற தண்ணி அலையே பல் இடுக்குல பூந்து அழுக்கை அடிச்சுத் தள்ளிடும், நார் படக்கூடத் தேவையில்ல. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பல் இடுக்குல நூல் போடறதையே நிறுத்திட்டான், சோனிக் இருக்கேன்னு. கையில பிடிச்சுப் பார்த்தேன், உள்ளங்கையே கூசுது. அவ்வளவு வேகம் சும்மாவா போகும்?

கடவாய்ப்பல் (தருமபுரி)

தம்பி, பாதி சரி. எண்ணிக்கை சரி. ஆய்வுக்கூடத்தில், வில்லையில் வளர்த்த படலத்துக்கு எதிரே பிரஷைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்தாலும் திரவ அசைவிலேயே கொஞ்சம் பெயர்கிறது, அதுவும் உண்மை. வாயில் கதை வேறு. வாயில் எச்சிலும் பேஸ்ட் நுரையும் காற்றும் கலந்து கிடக்கும், பிரஷைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்காது. இடுக்குக்குள் போகும் அளவுக்கு அந்த அலை வேலை செய்கிறது என்று வாயில் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பையனை நூலையோ இடுக்குப் பிரஷையோ நிறுத்தச் சொல்லாதீர்கள். சாயம் போட்டால் அந்த முக்கோணங்கள் சோனிக்காரர் வாயிலும் அப்படியே இருக்கும், நான் பார்த்த வரைக்கும் விதிவிலக்கு மிகக் குறைவு.

வட்டமா சோனிக்கா என்ற சண்டைக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. இரண்டையும் மோதவிட்ட ஒரு காக்ரேன் தொகுப்பு 2010-ல் வந்தது. மாறி மாறிச் சுழலும் வட்டத் தலை, பக்கவாட்டில் ஆடும் தலையைவிடக் குறுகிய காலத்தில் கொஞ்சம் முன்னே நின்றது. வித்தியாசம் சின்னது, அதற்கு அர்த்தம் உண்டா என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஆக, எந்தத் தலை உங்கள் கடைசிக் கடவாய்ப்பல்லின் பின்னால் போகிறதோ அது. வாய் சின்னதாக இருப்பவர்களுக்கு வட்டம் அங்கே சுலபமாகப் போகும். கூச்சம் தாங்காதவர்கள் சோனிக் பக்கம் போவார்கள்.

அந்தப் பென்னாகரத்துக்காரருக்கு நான் சொன்னதை முழுசாக எழுதவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. புதுத் தலை ஒன்றை மாட்டினோம். ஆன் செய்யாமல் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, வாய்க்குள் வைத்த பிறகே ஆன். பிறகு கையை ஆட்டவே கூடாது. தலையை ஒரு பல்லில், பாதி பல்லிலும் பாதி ஈறோரத்திலுமாகச் சாய்த்து வைத்து நிறுத்த வேண்டும், ஈறின் வளைவைத் தொட்டுக்கொண்டே அடுத்த பல்லுக்கு நகர வேண்டும். 28 பல், வெளிப்பக்கம் உள்பக்கம் சேர்த்து 56 முகம். இரண்டு நிமிஷத்தை வகுத்தால் ஒரு முகத்துக்கு இரண்டு நொடிக்குக் கொஞ்சம் மேல், மெல்லும் பரப்பைச் சேர்க்காமலே. முன்பற்களில் ஒரு நிமிஷம் செலவழித்தால் பின்னால் எதுவும் மிஞ்சாது என்று அவருக்கே புரிந்தது. அதனால் வரிசையைத் திருப்பிவிட்டேன்: முதலில் கீழ் இடது உள்பக்கம், கடைசியில் முன்பற்கள். அழுத்தத்துக்கு ஒரே அளவுகோல், சத்தம். சத்தம் மாறாமல் இருக்கும் வரை சரி, கம்மினால் கையை எடு. மறுபடி சாயம் போட்டபோது அந்த ரிப்பன் இரண்டு இடத்தில் புள்ளியாகச் சுருங்கியிருந்தது. இடுக்கு முக்கோணங்கள் அப்படியே நின்றன, அதற்கு இடுக்குப் பிரஷ் தனியாகக் கொடுத்தேன்.

பர்கூர்_மருமகள்

எங்க வீட்டு விஷயம் கேக்கலாமா மேடம்? அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை வராது. கீழ மூணு பல்தான் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி. எலக்ட்ரிக்கை இடது கையில கெட்டியாப் பிடிக்க முடியுது, அது பெரிய நிம்மதி. ஆனா தனியா நிக்கிற பல்லோட பக்கச் சுவத்துல தலை சரியா உக்கார மாட்டேங்குது, வழுக்கிட்டுப் போய் ஈறுல இடிக்குது. நேத்து ரத்தம் வந்ததும் அத்தை பிரஷை வீசிட்டாங்க.

கடவாய்ப்பல் (தருமபுரி)

அக்கா, தாராளமாகக் கேளுங்கள். பிடி தடியாக இருப்பதுதான் அவர்களுக்கு எலக்ட்ரிக்கில் கிடைக்கும் பெரிய லாபம், அதை விடாதீர்கள். தனித்து நிற்கும் பல்லுக்குச் சாதாரண வட்டத் தலை பெரிது. ஒரே கற்றை நார் கூம்பாக இருக்கும் தலை கிடைக்கும், அது பல்லைச் சுற்றி நான்கு பக்கமும் போகும். உங்கள் மாடலுக்குக் கிடைக்காவிட்டால் கை பிரஷிலேயே ஒற்றைக் கற்றைப் பிரஷ் தனியாக விற்கிறார்கள். அந்த மூன்று பல்லை மட்டும் நீங்கள் தேய்த்துவிடுங்கள். முதல் நாலைந்து நாள் ரத்தம் வரலாம், வீங்கிய ஈறுக்கு அது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் வந்தால் அழைத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பதையும் வரும்போது சொல்ல வேண்டும்.

சால்டரிங்_மத்திகிரி

சர்வீஸ் டேபிளுக்கு வந்த ஒரு பிரஷைப் பற்றி எழுதுகிறேன். வாங்கி 14 மாதம். "சார்ஜ் நிக்குது, ஆனா சக்தி இல்ல" என்று கொண்டு வந்தார்கள். தலையைக் கழற்றவே முடியவில்லை. துணி சுற்றி இழுத்தபோது டப் என்று வந்தது. உள்ளே கழுத்துவரைக்கும் வெள்ளை உப்புப் பாறை, அதற்கு நடுவே கறுத்த பேஸ்ட் சகதி. தண்டு ஆடுவதற்கு இடமே இல்லை. மோட்டார் சுற்றுகிறது, தலை பாதி தூரம்தான் போகிறது. அப்படிப்பட்ட பிரஷை வைத்து இரண்டு நிமிஷம் தேய்த்தால் என்ன, நாலு நிமிஷம் தேய்த்தால் என்ன?

நம் பக்கத்துப் போர் தண்ணீர்க் கடினம் இங்கேதான் காட்டும். வாளியில் வெள்ளை வளையம் விழுகிற வீடு என்றால் பிரஷுக்குள்ளும் விழும். தேய்த்து முடித்ததும் தலையைக் கழற்றுங்கள். தலையின் அடித்துளைக்குள் தண்ணீர் ஓடவிடுங்கள், கைப்பிடியின் தண்டைத் துணியால் துடையுங்கள், தலையைத் தனியாகக் கவிழ்த்து வையுங்கள். முப்பது நொடி வேலை. உப்பு ஏற்கெனவே ஏறியிருந்தால் தலையை மட்டும் தண்ணீர் கலந்த வினிகரில் பத்து நிமிஷம் போட்டு அலசுங்கள். கைப்பிடியை எதிலும் முக்காதீர்கள். தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. உப்புத் தூள் அதை அரம் மாதிரி அறுக்கும், பிறகு தண்ணீர் உள்ளே இறங்கும், போர்டு போகும். அதை நான் கழற்றிப் பார்க்கும்போது பச்சை பூத்திருக்கும்.

பேட்டரியும் இதே மாதிரி மெதுவாக ஏமாற்றும். டபுள் ஏ செல் போடுகிற விலை குறைந்த பிரஷ்களில் செல் இறங்க இறங்க வேகம் குறையும், தினமும் பார்ப்பவருக்குத் தெரியாது. புது செல் போட்ட நாளில் போனில் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். மாதம் ஒரு தடவை பக்கத்தில் ஓட்டிக் கேளுங்கள், சுருதி இறங்கியிருந்தால் காதிலேயே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால் சார்ஜர் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 100–240 என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 110 அல்லது 120 மட்டும் என்றால் நம் 230 வோல்டில் சொருகாதீர்கள். மாதத்துக்கு ஒன்றாவது கருகி வருகிறது.

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

ஓசூர் தம்பி சொன்ன கணக்கை ரெண்டு தடவை படிச்சேன். சரி, "எப்பவும்"ங்கறதை எடுத்துக்கறேன். ஆனா நீல நார் விஷயம்? கம்பெனியே போட்டுத் தர்ற அடையாளம்தானே?

அரூர்_டீச்சர்

நடுவில் ஒரு சந்தேகம். நம் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். அப்படியிருக்க எலக்ட்ரிக் பிரஷோடு ஃபுளோரைடு பேஸ்ட் போட்டால் பல் இன்னும் பழுப்பாகாதா? வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா இதனால் பேஸ்டே வேண்டாம் என்று உப்பும் கரியும் கொடுத்து அனுப்புகிறார்.

கடவாய்ப்பல் (தருமபுரி)

டீச்சர், பெரியவர்களுக்கு ஆகாது. எனாமல் உருவாகி முடிந்த பல்லில் பேஸ்டால் புதுப் பழுப்பு வராது. சுமார் எட்டு வயது வரைதான் கவனம், அதுவும் விழுங்கினால்தான். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். வீட்டில் இன்னும் போர் தண்ணீர்தான் குடிக்கிறார்கள் என்றால் முதலில் அந்தத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் நாட்டுத் தர அளவில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அந்தப் பெண்ணின் கரியையும் உப்பையும் நிறுத்த முடியுமா பாருங்கள். குழி விழுந்த எனாமல் ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கும், கரி அதை இன்னும் தேய்க்கும்.

எண்ணும்_எழுத்தும் (ஓசூர்)

கேட்காமலேயே நீளமாக எழுதுகிறேன், மருந்துக்கடை அண்ணாவுக்குத்தான். வாடிக்கையாளருக்குத் தலை எடுத்துக் கொடுப்பவர் அவர்.

நீல நார் வெளுப்பது சாயம் கரைவதால். எந்தப் பேஸ்ட், எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் பொறுத்தது அது. மெதுவாகத் தேய்ப்பவருக்கு நார் நிமிர்ந்திருக்கும்போதே வெளுத்துவிடலாம். அழுத்துபவருக்கு வெளுக்கும் முன்பே நார் விரிந்துவிடும், மேடம் சொன்னவரைப் போல. கம்பெனிகள் சொல்லும் மூன்று மாதமும் ஒரு சராசரிக் கணக்குத்தான். சரியான அடையாளம் இது: தலையை நேர் மேலிருந்து பாருங்கள். ஓரத்து நார்கள் அடிப் பிளாஸ்டிக்கின் விளிம்பைத் தாண்டி வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், வாங்கி மூன்று வாரம்தான் ஆனாலும். நாரின் நுனி பல்லில் படாமல் பக்கவாட்டு படுகிறது, ஈறோரத்துக்குள் அது போகாது. மூன்று வாரத்தில் ஒருவர் தலை விரிகிறதென்றால் பிரச்சினை தலையில் இல்லை, கையில்.

பழுப்புப் பல்லோடு வருபவர் "வெண்மை தரும்" தலை கேட்பார். நடுவில் ரப்பர் கிண்ணம் வைத்தது. டீ, வெற்றிலை, புகையிலைக் கறை மேலே படிந்தது என்பதால் அது கொஞ்சம் மெருகேற்றும். ஃபுளோரைடு பழுப்புக்கு ஒன்றும் செய்யாது, விற்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். நடுவில் ரப்பர் இருப்பதால் அங்கே நாரும் குறைவு. அந்தப் பழுப்பைக் குறைக்க வேண்டுமென்றால் அது பல் மருத்துவர் நாற்காலியில் நடக்கும் வேலை. ஈறு இறங்கி வேர் தெரிபவருக்கும் கூச்சம் உள்ளவருக்கும் மெல்லிய நார்த் தலை. பல்லில் கம்பி கட்டியவருக்கு நடுவே பள்ளம் வைத்த தலை, கம்பி அந்தப் பள்ளத்தில் உட்காரும். மற்ற எல்லோருக்கும் சாதாரண மென்மையான தலை போதும். இத்தனை வகையில் பிளாக்குக்கு எது முதலிடம் என்று யாரும் தெளிவாகக் காட்டிவிடவில்லை.

போலித் தலை பெரிய தொல்லை. பெட்டியின் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் போராடுவதைவிட நார் நுனியைப் பாருங்கள். வாட்ச் கடைக்காரர் கண்ணில் செருகும் பத்து மடங்கு லென்ஸ் போதும், வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நல்ல தலையில் ஒவ்வொரு நார் நுனியும் தீக்குச்சித் தலை மாதிரி உருண்டிருக்கும். வெட்டிவிட்டு உருட்டாமல் விட்ட தலையில் நுனி சரிவாக, உளி போல இருக்கும். அது ஈறில் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்தது, மாட்டி ஆட்டிப் பாருங்கள். தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருப்பது இயல்பு. விரலால் தட்டினால் கடகட என்று ஆடினால் வேண்டாம், ஆட்டத்தின் தூரம் அந்தத் தளர்விலேயே போய்விடும்.

மாடல் பொருத்தமும் பார்க்க வேண்டும். ஓரல்-பி பழைய கைப்பிடிகளுக்கான தலை, ஐஓ வரிசையில் உட்காராது. சோனிகேரில் திருகு வகைப் பழைய கைப்பிடிக்குச் சொடுக்கு வகைத் தலை வராது. பழைய தலையைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை_தக்காளி

சாய மாத்திரை இங்க எங்கயும் கிடைக்கல. வீட்ல கேசரிப் பவுடர் கரைச்சுப் பார்க்கலாமா?

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்

கேட்டா வரவழைச்சுத் தர்றேன் தம்பி. அதுவரைக்கும் கேசரிப் பவுடர்தானே, தப்பில்லன்னு நினைக்கிறேன்.

கடவாய்ப்பல் (தருமபுரி)

தப்பில்லை, பயனும் இல்லை. பழுப்புப் பல்லில் ஆரஞ்சு நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. கருஞ்சிவப்புத் திரவ உணவு நிறம் இருந்தால் ஒரு மூடித் தண்ணீரில் நாலைந்து சொட்டு, அரை நிமிஷம் சுழற்றித் துப்புங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், உதட்டுக்கு வாசலின் கட்டாயம். முதலில் எப்போதும் போலத் தேய்த்துவிட்டு அதற்குப் பிறகு போடுங்கள், தேய்க்காமல் போட்டால் வாய் முழுக்கச் சிவக்கும், எதுவும் தெரியாது. சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டு, கீழ்க் கடவாய்ப்பற்களின் உள்பக்கத்தைப் பெரிய கண்ணாடியில் பாருங்கள்.

பென்னாகரத்துக்காரர் நேற்று போன் செய்தார். தலை ஒன்றின் விலைக்கு ஏழெட்டு சாஃப்ட் பிரஷ் வாங்கலாமே, வருஷத்துக்கு நாலு தலை தன்னால் முடியாது, கை பிரஷுக்கே திரும்பிவிடட்டுமா என்று கேட்டார். விரிந்த தலையோடு எலக்ட்ரிக் ஓட்டுவதைவிட நேரத்துக்கு மாற்றிய சாஃப்ட் கை பிரஷ் மேல் என்று சொன்னேன். சின்னத் தலை, ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, இரண்டு பல்லுக்கு ஒரு தடவையாகக் குட்டிக் குட்டி அசைவு, அதே கீழ் இடது உள்பக்கத்தில் ஆரம்பம். இடுக்குப் பிரஷை மட்டும் விடாதீர்கள் என்றேன். அடுத்த மாதம் வரும்போது மறுபடி சாயம் போட்டுப் பார்ப்போம் என்று பேசியிருக்கிறோம்.